பேனாவை யார் கொடுப்பது?

டீ வருவதற்குள் ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சு முழுக்க அதை வைத்துத்தான். 12 பக்கக் குறும்படம். மாயவரத்தில் அப்பா விட்டுப்போன வீடு. சொந்தத் தொழிலில் கடன்பட்டுப்போன தம்பி, அந்த வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள அக்காவின் கையெழுத்தைக் கேட்டு விடுதலைப் பத்திரத்தோடு வருகிறான். முதல் காட்சியில் பஸ் ஸ்டாண்டில் நின்று கடன்காரனிடம் போனில் கெஞ்சுகிறான். இரண்டாவது காட்சியில் அக்கா வீட்டுக்கு வருகிறான். காபி, விசாரிப்பு. மூன்றாவதில் சமையலறை. கல்லூரி படிக்கும் மகள், ‘போடாதம்மா’ என்கிறாள். நான்காவது கூடத்தில். தம்பிக்கும் அத்தானுக்கும் வாக்குவாதம், கடன் விஷயம் உடைகிறது, அக்கா கையெழுத்துப் போடுகிறாள். ஐந்தாவதில் வாசலில் அக்காவும் தம்பியும் மட்டும்.

எழுதியவருக்கு நான்காவது காட்சிமேல் ஒரு சந்தேகம். நாலரைப் பக்கம் ஓடுகிறது, எங்கேயோ தொய்கிறது, எங்கே என்று தெரியவில்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் ‘செட்டில் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். நம் ஊரில் டப்பிங்கும் இருப்பதால் அந்தத் தைரியம் கூடுகிறது. டப்பிங்கில் ஒரு சொல்லை மாற்றலாம், ஒரு வரியை நுழைக்கலாம். யாருக்கு எப்போது எது தெரியவந்தது என்பதை மாற்ற முடியாது. அதைச் சரிசெய்ய, எல்லாரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து முழுதாக வாசிப்பதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

வாசிப்புக்கு நம் கதைக்கு வேண்டியவர்கள் நான்கு நடிகர்கள். காட்சி விவரங்களை, அதாவது ‘அக்கா சமையலறையிலிருந்து வருகிறாள்’ போன்றவற்றை வாசிக்கத் தனியாக ஒருவர். அவர் எழுத்தாளராகவோ இயக்குநராகவோ இருக்கக் கூடாது. எழுதியவர் வாசித்தால், தாளில் இல்லாததையும் குரலில் சேர்த்துவிடுவார். நேரம் குறிக்க ஓர் உதவி இயக்குநர். இவர்களைத் தவிர, கதையைக் கேட்டே இராத இரண்டு மூன்று பேர். எழுத்தாளரும் இயக்குநரும் வாசிக்கப்படும் தாளைப் பார்க்க வேண்டியதில்லை, அது அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் பார்க்க வேண்டியது கேட்பவர்களின் முகத்தை.

தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வசனத்தை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து கொடுக்கும் பழக்கம் பரவலாகிவிட்டது. வாசிப்புக்கு அது ஆகாது. பள்ளியும் பல்லியும் அதில் ஒரே மாதிரி இருக்கும், படமும் பாடமும் அப்படித்தான். நடிகர் தடுமாறும்போது வசனத்தில் கோளாறா, எழுத்தில் கோளாறா என்று பிரிக்க முடியாமல் போகும். தடுமாற்றம்தான் நமக்குக் கிடைக்கும் முதல் தடயம், அதைக் கலங்கடிக்கக் கூடாது. தமிழ் எழுத்தில், பெரிய அளவில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, பக்க எண்ணும் காட்சி எண்ணும் போட்டுக் கொடுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத நடிகர் இருந்தால் முதல் வாசிப்பில் அவருக்குப் பதிலாக வேறொருவர் வாசிக்கட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

முதல் வாசிப்பில் நடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அழ வேண்டாம், கத்த வேண்டாம், எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் சொன்னால் போதும். நல்ல நடிகர் மோசமான வரியைக் காப்பாற்றிவிடுவார். ஓர் இடைவெளி, ஒரு பெருமூச்சு போதும், வரி நன்றாக இருப்பதுபோல் தோன்றிவிடும். அந்தத் திறமை படப்பிடிப்பில் வேண்டும். மேசையில் அது நோயை மறைக்கிற மருந்து.

இடையில் நிறுத்தக் கூடாது. நம் படப்பிடிப்புத் தளங்களில் உதவி இயக்குநர் வரிவரியாகப் பிராம்ப்ட் செய்து நடிகர் சொல்வது வழக்கம். அதனால் ஒரு காட்சியை முழுதாகக் கேட்கும் வாய்ப்பே யாருக்கும் வராமல் போகும். மேசை வாசிப்பின் பயனே, முதல் பக்கத்தில் கேட்டது ஒன்பதாம் பக்கம் வரும்போதும் காதில் நிற்பதுதான். நிறுத்தித் திருத்த ஆரம்பித்தால் அது அறுந்துவிடும். தோன்றுவதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு போகலாம். மூன்று குறிகள் போதும். நடிகர் தடுமாறினால் புள்ளி. கேட்பவரின் கவனம் நழுவினால் அலைக்கோடு. புரியவில்லை என்றால் கேள்விக்குறி. எல்லாருடைய சம்மதத்தோடு செல்போனில் ஒலிப்பதிவும் ஓடட்டும்.

புள்ளி எங்கே விழும்? நம் கதையில் இரண்டாவது காட்சியில் தம்பி சொல்கிறான்: ‘அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு, மாயவரம் வீடு இன்னும் அப்பா பேர்லயேதான் இருக்கு.’ இரண்டுமே அக்காவுக்குத் தெரியும். பார்வையாளருக்காக வைத்த வரி. கண்ணால் படிக்கும்போது இது உறுத்தாது. வாய்விட்டுச் சொல்லும்போது நடிகரின் குரல் செய்தி வாசிப்பதுபோல் மாறும். சில சமயம் அவரை அறியாமலே வரியைச் சுருக்கி, ‘வீடு இன்னும் அப்பா பேர்லயே இருக்குக்கா’ என்பார். அந்த மாற்றத்தை உடனே எழுதிக்கொள்ளுங்கள். அவர் வாய் தானாகவே பேச்சுத் தமிழுக்கும் அந்த உறவுக்கும் திரும்பியிருக்கிறது. அப்பா இல்லை என்பதும் அதிலேயே வந்துவிட்டது.

தமிழ் வசனத்துக்கே உரிய ஒரு கண்ணி, நீயும் நீங்களும். அத்தான் மைத்துனனை, ‘வாங்க தம்பி’ என்றுதான் அழைக்கிறார். ஒன்பதாம் பக்கத்தில் வாக்குவாதம் முற்றி, ‘நீ யாருடா என் பொண்டாட்டிகிட்ட கையெழுத்துக் கேக்க’ என்கிறார். முதல்முறையாக மரியாதை உடைகிற அந்த இடத்தில் கேட்பவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆனால் மூன்றாம் பக்கத்திலேயே கவனக்குறைவாக, ‘நீ காபி குடி’ என்று எழுதியிருக்கிறது. எழுதும்போது யாரும் கவனிக்கவில்லை. மேசையில் கேட்டால் ஒன்பதாம் பக்கத்து அடி பாதியாகிப்போனது தெரியும். ‘காபி எடுத்துக்குங்க’ என்று திருத்த ஒரு நொடி ஆகும். படமெடுத்த பிறகு கண்டுபிடித்தால் அந்த வாயசைவில் அதை ஒட்டவைக்க முடியாது.

அடுத்து நேரம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு, அமெரிக்கத் திரைக்கதைத் தாளின் எழுத்துருவையும் ஓர அளவையும் வைத்து வந்த சராசரி. நம் தாளுக்கு அது பொருந்தும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் தனியாகக் கடிகாரம் வையுங்கள். அதிலும் வசனத்தின் நேரத்தை மட்டும் நம்பலாம். ‘அவள் பத்திரத்தை எடுத்துப் படிக்கிறாள்’ என்பதை வாசிக்க இரண்டு நொடி, திரையில் அது நாற்பது நொடி ஆகலாம். வசனமில்லாத இடங்களை உதவி இயக்குநர் பிற்பாடு தனியாக உட்கார்ந்து, கண்ணை மூடி அந்தச் செயலை மனத்துக்குள் செய்துபார்த்துக் குறிக்க வேண்டும். தொடர்ச்சியைக் கவனிக்கும் ஸ்கிரிப்ட் சூப்பர்வைசர்கள் நேரக்கணக்குப் போடுவது ஏறக்குறைய இப்படித்தான். நம் நான்காவது காட்சி இந்தக் கணக்கில் 5 நிமிடம் 10 நொடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வாசித்து முடித்ததும் ஒரு டீ. அப்போதுதான் நல்ல தகவல்கள் வரும், அதே சமயம் ஒரு தவறான கேள்வியால் எல்லாம் கெடும். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்காதீர்கள். ‘நல்லா இருக்கு சார்’ என்பார்கள், அல்லது உங்கள் படத்தை விட்டு அவர்கள் எடுக்க விரும்பும் படத்தைச் சொல்வார்கள். புதிதாகக் கேட்டவர் ஒவ்வொருவரையும் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எதைத் தவறவிடுகிறார், எந்த இடத்தில் வேகமாகத் தாண்டுகிறார் என்று கேளுங்கள். பிறகு பதிலைப் பக்க எண்ணாகச் சொல்லக்கூடிய கேள்விகள். அக்கா எந்த இடத்தில் முடிவெடுத்தாள்? தம்பிமேல் எப்போது கோபம் வந்தது? அடுத்து என்ன நடக்கும் என்பது எந்த இடத்தில் தெரிந்துவிட்டது? கேட்பவர் சொல்வதற்கு மறுப்புச் சொல்லாமல், விளக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியவருக்குக் கடினமான அரை மணி நேரம் அது.

அக்கா முடிவெடுத்த இடம் எது என்ற கேள்விக்கு ஒருவர் சமையலறை என்கிறார், இன்னொருவர் அத்தான் கத்தியபோது என்கிறார், மூன்றாமவர், ‘முடிவு எடுத்த மாதிரியே தெரியல, போட்டுட்டாங்க’ என்கிறார். இது ரசனை வேறுபாடு அல்ல. முடிவு தாளில் இல்லை என்றுதான் பொருள். அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இப்போது தொய்வு. அலைக்கோடுகள் எல்லாம் ஏழாம் எட்டாம் பக்கத்தில், வாக்குவாதத்தின் நடுவில் விழுந்திருக்கின்றன. இரண்டு பேர் இன்னும் எத்தனை பக்கம் என்று தாளைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். முதல் யோசனை, வாக்குவாதத்தைப் பாதியாக வெட்டுவது. வெட்டிவிட்டு வாசித்துப்பாருங்கள், காட்சி குட்டையாகும், தொய்வு அப்படியே இருக்கும். காரணம் அங்கே இல்லை, முதல் பக்கத்தில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு போன் பேச்சில் தம்பிக்குக் கடன் என்று நாம் தெரிந்துகொண்டுவிட்டோம். எட்டாம் பக்கத்தில் அது உடையும்போது அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதிர்ச்சி, நமக்கு இல்லை. ஏழு பக்கமாக, அவர்கள் எப்போது நம்மை எட்டிப்பிடிப்பார்கள் என்று காத்திருந்தோம்.

மேசை வாசிப்பைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். வாசிப்பு காட்டுவது வலிக்கும் இடத்தை. வலியின் வேர் பெரும்பாலும் அதற்குப் பல பக்கம் முன்னால் இருக்கும். தொய்வு என்று குறித்த வரியிலேயே பேனாவை வைப்பதற்கு முன், ‘இந்த இடத்துக்கு வரும்போது பார்ப்பவருக்கு என்னென்ன தெரியும்?’ என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். நம் கதையில் போன் பேச்சை எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் தம்பி பத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதாக மாற்றலாம். ஏன் தயங்குகிறான் என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. எட்டாம் பக்கம் அதற்குப் பதில் ஆகிறது. வாக்குவாதத்தில் ஒரு வரியைக்கூடத் தொடாமலே அது விழித்துக்கொள்ளும். சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி வாசிக்க வேண்டும், ஆனால் முதலில் கேட்டவர்களை வைத்து அல்ல. அவர்களுக்குக் கடன் விஷயம் தெரியும், தெரிந்ததை மறக்கச் சொல்ல முடியாது. கேட்க வேறு ஆட்களை மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

கேட்பவர்களில் பத்திர விஷயம் தெரிந்த ஒருவர் இருப்பதும் நல்லது. விடுதலைப் பத்திரம் பதிவாக வேண்டும், எழுதிக்கொடுப்பவர் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும், வீட்டில் கையெழுத்துப் போட்டதோடு முடியாது என்று ஒருவர் சொன்னால் எழுத்தாளருக்கு முதலில் திக்கென்றிருக்கும். பிறகு பார்த்தால் அது வரம். நாளைக் காலை டோக்கன் வாங்கியிருக்கிறேன், நீயும் வரணும்க்கா என்று தம்பி சொல்லலாம். இன்றிரவுக்குள் முடிவு என்ற நெருக்கடி கதைக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

இதுவரை காதுக்கான வேலை. உடம்புக்கான வேலை ஒத்திகையில்தான் தொடங்கும். இரண்டையும் குழப்பாமல், இந்த வரிசையிலேயே செய்தவர்களில் சிட்னி லூமெட் முக்கியமானவர். ‘12 ஆங்ரி மென்’ (1957) படத்துக்கு இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தார். தன் ‘மேக்கிங் மூவீஸ்’ புத்தகத்தில் அவர் விவரிக்கும் முறைப்படி, முதல் நாட்கள் மேசையைச் சுற்றி வாசிப்பும் பேச்சும். அதன்பிறகுதான் தரையில் டேப் ஒட்டி அறைகளைக் குறித்து, எழுந்து நின்று நடப்பது. பணம் குறைந்த படம் என்பதால் ஒரு நாற்காலிக்கு ஒளி அமைத்தால், அந்த நாற்காலியில் நடக்கும் எல்லாவற்றையும் கதையின் வரிசையைப் பார்க்காமல் எடுத்து முடித்தார்கள். ஒருவர் கேள்வி கேட்பது ஒரு நாள், மற்றவர் பதில் சொல்வது பல நாள் கழித்து. முன்னதாகவே முழுக் கதையும் உடம்பில் ஏறியிராவிட்டால் அப்படி எடுத்திருக்க முடியாது. நம் ஊரில் பாலசந்தருக்கு இந்தச் சோதனையை மேடை செய்துகொடுத்தது. ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘எதிர்நீச்சல்’ இரண்டும் நாடகமாகப் பார்வையாளர் முன் ஓடிய பிறகே படமானவை.

நம் குறும்படத்துக்கு இரண்டு வாரம் வேண்டாம், இரண்டு நாள் போதும். லொக்கேஷன் வீட்டுக் கூடத்தை அளந்துகொள்ளுங்கள். 12 அடிக்கு 10 அடி என்றால், மொட்டை மாடியிலோ காலியறையிலோ அதே அளவில் டேப் ஒட்டுங்கள். சமையலறை வாசல், தெருக்கதவு, சோபா, டீப்பாய் எல்லாம் இருக்கும் இடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். டம்ளர் உண்மையான டம்ளர், பத்திரம் உண்மையான அளவுத் தாள். ஆடையும் விளக்கும் வேண்டாம். கைக்கு வரும் பொருட்கள் மட்டும் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் திரைக்கதைகள் மறந்துவிடுவது கைகளைத்தான்.

நடக்கத் தொடங்கியதுமே சிலவற்றைத் தரை சொல்லிவிடும். சமையலறை வாசலிலிருந்து டீப்பாய்வரை அக்காவுக்கு நான்கு எட்டு. அதற்குள் பேசி முடிக்க அவளுக்குப் பன்னிரண்டு நொடி வசனம் எழுதியிருக்கிறது. நடுவில் நிற்க வேண்டும், அல்லது வரியைக் குறைக்க வேண்டும். நின்றால், இரண்டு ஆண்களுக்கும் சரியாக நடுவில் நிற்கிறாள். எழுதியவர் நினைத்தே இராத அந்த நிலை, அவள் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறது. அங்கே வசனம் பாதி தேவையில்லை.

அப்புறம் பேனா. ‘அக்கா கையெழுத்துப் போடுகிறாள்’ என்று தாளில் இருக்கிறது. நடிகை டீப்பாய் அருகே குனிகிறார், நிமிர்ந்து பார்க்கிறார், ‘பேனா?’ என்கிறார். மேசை வாசிப்பில் யாரும் கேட்காத கேள்வி. தம்பி சட்டைப்பையிலிருந்து எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினால், அவன் தயாராக வந்தவன். அத்தான் கொடுத்தால், அவர் சம்மதித்துவிட்டார், அல்லது சவால் விடுகிறார். அவளே எழுந்து, மகளின் மேசைக்குப் போய், ‘போடாதே’ என்று சொன்ன மகளின் பேனாவை எடுத்து வந்தால், முடிவு அவளுடையது, அது எந்த நொடியில் நடந்தது என்பதும் கண்ணெதிரே தெரியும். மூன்றையும் நடத்திப்பாருங்கள், ஒவ்வொன்றும் சில நிமிட வேலை. மேசையில் மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்களே, அக்கா எப்போது முடிவெடுத்தாள் என்று? அந்த ஓட்டை இங்கே அடைபடுகிறது. அதற்காக எழுத்தாளர் ஒரு புது வசனம் எழுதியிருந்தால் படம் கெட்டிருக்கும்.

ஒத்திகையில் நடிகர்கள் தம் சொந்தச் சொற்களில் பேசிப்பார்க்க விடுவது பயன் தரும், அளவோடு. ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ (1975) ஒத்திகையில் லூமெட் நடிகர்களைத் தாமாகப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்தார். அதிலிருந்து எடுத்து எழுத்தாளர் ஃபிராங்க் பியர்சன் திரைக்கதையில் சேர்த்தார். கவனியுங்கள், காட்சிகளின் அமைப்பு அப்படியே இருந்தது, சேர்த்தது எழுத்தாளர். படிக்கத் தெரியாத ஊர்க்காரர்களை நடிக்கவைக்கும் நம் படங்களுக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். நிலைமையைச் சொல்லி, இரண்டு மூன்று முறை பேசவிட்டு, பதிவைக் கேட்டு எழுதினால் அந்த வட்டாரத்தின் சொல் தானே வந்து விழும்.

மேசையை எங்கே நம்பக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். நம் ஐந்தாவது காட்சியில் அக்காவும் தம்பியும் வாசலில் பேசாமல் நிற்கிறார்கள். அவன் செருப்பு மாட்டுகிறான், அவள் காலியான காபி டப்பாவை விளக்கிப் பலகாரம் போட்டுக் கொடுக்கிறாள். வாசிப்பில் இது நான்கு வரி, கேட்பவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. அதற்காக வெட்டாதீர்கள். பேச்சில்லாத காட்சியைத் தரையில் நடத்திய பிறகே தீர்ப்பு. சிரிப்பும் அப்படித்தான். மேசையைச் சுற்றியிருக்கும் நண்பர்கள் நடிகரைத் தெரிந்ததால் சிரிப்பார்கள், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நாள் கணக்கு இதுதான். படப்பிடிப்புக்கு மூன்று வாரம் முன்னால் முதல் வாசிப்பு. லொக்கேஷனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே வைத்தால் இன்னும் நல்லது, திருத்தத்தில் ஒரு காட்சியே போய்விடலாம். பிறகு ஒரு வாரம் திருத்தம், புது ஆட்களோடு இரண்டாவது வாசிப்பு, அதன் பிறகு ஒத்திகை. திருத்திய ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி இருக்க வேண்டும், பழைய தாள்களைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். கடைசி இரண்டு நாளில் கதையில் கைவைக்கக் கூடாது, நடிகர்கள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஒரு சொல் உறுத்தினால் மாற்றலாம், அவ்வளவுதான்.

செட்டுக்கு உதவி இயக்குநர் ஒரு தாளை எடுத்துப் போக வேண்டும். அதில் கடைசி ஒத்திகையில் ஒவ்வொரு காட்சிக்கும் ஆன நேரம் இருக்கும். நான்காவது காட்சி 4 நிமிடம் 20 நொடி என்று அதில் இருந்து, முழுக்காட்சியாக எடுக்கும் முதல் டேக் 5 நிமிடத்தைத் தாண்டினால், யாரோ ஒருவர் ஒத்திகையில் இல்லாத இடைவெளி விடுகிறார். அது யார் என்று இயக்குநர் அடுத்த டேக்குக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.